இரண்டு அம்புகள் போதும்: பொருளியல் பல்தேர்வுக் கேள்வியில் தவறான விடைகளை நீக்குவது எப்படி?

ஆறாம் படிவத்தில் படித்தபோது, பொருளியல் முன்னோட்டத் தேர்வில் கோழி விலை பற்றிய ஒரு கேள்வியை நான் இருபது விநாடியில் முடித்துவிட்டேன். தீவன விலை கூடுகிறது, எனவே கோழி விலை உயரும் என்று ஓர் அம்பு போட்டேன், விடையைக் கருமையாக்கினேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தாள் திரும்பி வந்தபோது அந்தக் கேள்விக்குப் புள்ளி இல்லை. டீச்சர் என் அம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “அம்பு சரிதான். ஆனா விலை நகர முடியுமான்னு பார்த்தியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கட்டுரையின் பிற்பகுதியில் முழுமையாகத் தருகிறேன். அதற்கு முன், அம்பு போடும் முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்றும் பல்தேர்வுக் கேள்வி வந்தால் முதலில் இந்த முறையைத்தான் கையில் எடுக்கிறேன். அது எங்கே காலை வாரிவிடும் என்பதும் இப்போது தெரியும்.

எஸ்.டி.பி.எம். பொருளியல் தாளில் பல்தேர்வுப் பகுதி உண்டு. கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பொருளியலின் முதல் தாள் முழுக்கவே பல்தேர்வுதான்: ஒரு மணி நேரத்தில் 30 கேள்விகள், அதாவது கேள்விக்கு இரண்டு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் வரைபடம் போட்டு, கோடுகளை நகர்த்தி, பெயர் எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போதாது. ஆனால் இக்கேள்விகளில் கணிசமானவை விலை எவ்வளவு என்று கேட்பதில்லை. விலை ஏறுமா இறங்குமா என்றுதான் கேட்கின்றன. திசை மட்டும் தெரிந்தால் போதுமான இடத்தில் முழு வரைபடம் எதற்கு?

ஓர் அம்பு, பாதி விடைகள்

மலாய் பாடநூலில் ‘பெர்மிந்தாஆன்’, ‘பெனாவாரான்’ என்று படித்திருப்பீர்கள். இங்கே அவற்றைத் தேவை, அளிப்பு என்று அழைப்போம். மிக எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

கோழித் தீவனத்தின் விலை உயர்கிறது. கோழிச் சந்தையில் என்ன நடக்கும்?

அ. விலை உயரும், விற்பனை அளவு கூடும்
ஆ. விலை உயரும், விற்பனை அளவு குறையும்
இ. விலை இறங்கும், விற்பனை அளவு கூடும்
ஈ. விலை இறங்கும், விற்பனை அளவு குறையும்

விடைகளைப் படிப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: இந்த மாற்றம் யாரைத் தொடுகிறது? வாங்குபவரையா, விற்பவரையா? தீவனம் வாங்குவது பண்ணைக்காரர். சந்தையில் கோழி வாங்கும் அம்மாவுக்குத் தீவன விலை தெரியக்கூடத் தெரியாது. ஆகவே நகர்வது அளிப்பு. செலவு கூடினால் அதே விலைக்கு முன்பு போல் விற்க மனம் வராது என்பதால் அளிப்பு குறைகிறது.

இப்போது ஒரே ஓர் அம்பு: விலை ↑. உடனே இ, ஈ இரண்டையும் அடித்துவிடலாம். மிச்சமிருக்கும் அ, ஆ இரண்டுக்கும் விலையில் வேறுபாடு இல்லை. எனவே விலையைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பது வீண். இரண்டாவது அம்பு: அளவு ↓. அ போய்விட்டது. விடை ஆ.

நான்கு விடைகளையும் முழு வாக்கியங்களாகப் படித்து, எது ‘சரியாகத் தோன்றுகிறது’ என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், நான்கும் சரிபோலவே தோன்றத் தொடங்கிவிடும். நெடுவரிசையாகப் படியுங்கள். முதலில் விலையை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள், பொருந்தாததை அடியுங்கள். பிறகு எஞ்சியவற்றில் மட்டும் அளவைப் பாருங்கள்.

இங்கே ஒரு பழைய குழி உண்டு. “விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், அப்படியென்றால் கடைசியில் விலை மாறாது” என்று சிலர் வட்டமடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். கோழியின் விலை ஏறியதால் மக்கள் குறைவாக வாங்குவது தேவைக் கோட்டின் மேலேயே நடக்கும் நகர்வு. கோடு இடம் மாறுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: காரணம் அந்தப் பொருளின் சொந்த விலைதானா? ஆம் என்றால் எந்தக் கோடும் இடம்பெயரவில்லை. புது அம்பு போடக்கூடாது. வேறு ஏதாவது (வருமானம், இன்னொரு பொருளின் விலை, உற்பத்திச் செலவு) காரணம் என்றால்தான் கோடு நகரும்.

இரு சந்தைகள் கலந்து வரும்போது

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரை வெளியே போவது தடைப்பட்டது. சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்போது மலேசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி உயிருடன் எல்லை தாண்டி, அங்கே வெட்டப்பட்டுப் புதுக்கோழியாக விற்கப்பட்டது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கவலைப்பட்டது அதனால்தான்.

இதைக் கேள்வியாக்கினால், சிங்கப்பூரின் புதுக்கோழிச் சந்தையில் அளிப்பு குறைகிறது. விலை ↑, அளவு ↓. முதல் கேள்வியின் அதே விடை. ஆனால் கேள்வி உறைந்த கோழிச் சந்தையைப் பற்றிக் கேட்டால்? அவசரத்தில் பலர் அதே இரு அம்புகளை அப்படியே நகலெடுத்து வைத்துவிடுவார்கள்.

நிதானமாகப் பாருங்கள். உறைந்த கோழி விற்பவருக்குச் செலவு எதுவும் மாறவில்லை. வாங்குபவர்தான் மாறினார், புதுக்கோழி விலை ஏறியதால் உறைந்த கோழியின் பக்கம் திரும்புகிறார். எனவே தேவை கூடுகிறது: விலை ↑, அளவு ↑. இரு சந்தைகளிலும் விலை ஏறுகிறது, ஆனால் அளவு எதிர்த் திசைகளில் போகிறது. கேள்வி எழுதுபவர்கள் விரும்பிக் கேட்கும் இடம் இது. விலை அம்பு இரண்டிலும் ஒன்றே என்பதால், சந்தையை மாற்றிப் படித்தவரும் பாதி வழி வரை தவறை உணரமாட்டார். ஆகவே கேள்வியில் எந்தச் சந்தையைப் பற்றிக் கேட்கிறார்களோ, அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு அம்பு போடுங்கள்.

‘சொல்ல முடியாது’ என்பதும் ஒரு விடை

அடுத்து, இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கும் கேள்வி. தீவன விலை உயர்கிறது; அதே நேரம் நோன்புப் பெருநாள் நெருங்குவதால் கோழிக்கு அதிகத் தேவை.

அ. விலை உயரும், அளவு கூடும்
ஆ. விலை உயரும், அளவு குறையும்
இ. விலை உயரும், அளவு எப்படி மாறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது
ஈ. விலை எப்படி மாறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அளவு குறையும்

இரண்டு மாற்றங்களையும் சேர்த்து மனத்தில் வரைய முயலாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியே எழுதுங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக:

அளிப்பு குறைகிறது: விலை ↑, அளவு ↓
தேவை கூடுகிறது: விலை ↑, அளவு ↑

விலையில் இரு அம்புகளும் ஒரே பக்கம், ஆகவே உறுதி. ஈ போய்விட்டது. அளவில் அம்புகள் மோதுகின்றன. எது பெரியது என்று கேள்வி சொல்லவில்லை. எனவே அளவைப் பற்றி உறுதியாகப் பேசும் அ, ஆ இரண்டும் விழுகின்றன. விடை இ.

நம்மில் பலருக்கு ‘சொல்ல முடியாது’ என்ற விடையைக் கருமையாக்கக் கூச்சம். படிக்காதவர் சொல்லும் சாக்குப்போல் தோன்றும். அது உண்மையிலேயே கணக்கின் முடிவுதான் என்பதைச் சிறு எண்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

கோழி விலையை P, அளவை Q என்போம். தேவை Q = 20 − P, அளிப்பு Q = P. இரண்டும் சமமாகும் இடம் P = 10, Q = 10. இப்போது பெருநாள் தேவை நான்கு கூடி Q = 24 − P ஆகிறது. தீவனச் செலவால் அளிப்பு இரண்டு குறைந்து Q = P − 2 ஆனால், P = 13, Q = 11. அளவு கூடிவிட்டது. அளிப்பு ஆறு குறைந்து Q = P − 6 ஆனால், P = 15, Q = 9. அளவு குறைந்துவிட்டது. இரு முறையும் விலை ஏறியது. அளவு மட்டும் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறு பக்கமும் போனது. கேள்வியில் அளவீடு தராதபோது ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதே முழுமையான விடை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கேள்வியில் விலை நெடுவரிசை ஒரே ஒரு விடையைத்தான் நீக்கியது; அளவு நெடுவரிசை இரண்டை நீக்கியது. எதில் விடைகள் அதிகமாக வேறுபடுகின்றனவோ, அங்கிருந்து தொடங்கினால் வேகம் கூடும்.

நான் புள்ளி இழந்த கேள்வி

இனி அந்த முன்னோட்டத் தேர்வுக் கேள்வி. என் நினைவிலிருந்து எழுதுகிறேன்:

அரசாங்கம் கோழிக்குச் சமநிலை விலைக்குக் கீழே உச்ச வரம்பு விலை விதித்துள்ளது. இப்போது தீவன விலை உயர்கிறது. உச்ச வரம்பு மாற்றப்படவில்லை. என்ன நடக்கும்?

அ. விலை உயரும், விற்பனை அளவு குறையும், பற்றாக்குறை மாறாது
ஆ. விலை மாறாது, விற்பனை அளவு குறையும், பற்றாக்குறை கூடும்
இ. விலை மாறாது, விற்பனை அளவு மாறாது, பற்றாக்குறை கூடும்
ஈ. விலை உயரும், விற்பனை அளவு குறையும், பற்றாக்குறை கூடும்

நான் ‘தீவனம்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே விலை ↑, அளவு ↓ என்று எழுதினேன். பற்றாக்குறையும் கூடும்போல் இருந்தது. ஈ-யைக் கருமையாக்கினேன். முதல் அம்பிலேயே சரியான விடையை நானே அடித்துத் தள்ளிவிட்டேன். நீக்கும் முறையின் உண்மையான ஆபத்து இதுதான். முதல் அம்பு தவறானால், எஞ்சிய விடைகளில் சரியானது இருக்கவே இருக்காது. அதன்பின் எவ்வளவு கவனமாக யோசித்தாலும் பயனில்லை.

விலை அம்பு போடுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: விலை நகரச் சுதந்திரமாக இருக்க வேண்டும். இங்கே அது பூட்டப்பட்டிருக்கிறது. பழைய எண்களையே எடுத்துக்கொள்வோம். சமநிலை விலை 10. உச்ச வரம்பு 8. அந்த விலையில் வாங்க விரும்புவது 12, விற்க முன்வருவது 8, பற்றாக்குறை 4. வாங்க விரும்புவோர் 12 கேட்டாலும் கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும் என்பதால் விற்பனையாவது 8. இப்போது தீவன விலை ஏறி, அளிப்பு Q = P − 2 ஆகிறது. விலை அதே 8. விற்க முன்வருவது 6, வாங்க விரும்புவது அதே 12, பற்றாக்குறை 6. விலை மாறவில்லை, விற்பனை 8-லிருந்து 6-ஆகக் குறைந்தது, பற்றாக்குறை 4-லிருந்து 6-ஆகக் கூடியது. விடை ஆ.

எண்கள் இல்லாமலும் அம்புகளால் இதே முடிவுக்கு வரலாம். விலை பூட்டியிருக்கிறது, எனவே அ, ஈ இரண்டும் விழும். பூட்டிய விலையில் விற்பனையை முடிவு செய்வது குறைந்த பக்கம், அதாவது அளிப்பு. அளிப்பு ↓, எனவே விற்பனை ↓. இ விழும். மூன்றாவது நெடுவரிசையைப் பார்க்கவே தேவையில்லை.

உச்ச வரம்பு என்ற சொல்லைக் கண்டதும் விலை மாறாது என்று எழுதிவிடுவதும் தவறு. வரம்பு 8 இல்லாமல் 12 ஆக இருந்தால், சமநிலை விலையான 10 அதற்குக் கீழே இருக்கிறது. வரம்பு யாரையும் தடுக்கவில்லை. அப்போது தீவன விலை ஏறினால் விலை 10-லிருந்து 11-க்குத் தாராளமாக ஏறும். எனவே ‘சமநிலைக்குக் கீழே’, ‘சமநிலைக்கு மேலே’ என்ற சொற்கள்தான் பூட்டு போட்டிருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்கின்றன. அவற்றைத் தாண்டிப் படித்துவிட்டால் அம்புகள் உதவாது.

இந்தக் கேள்வி கற்பனை அல்ல. 2022இன் முற்பகுதியில் தீபகற்ப மலேசியாவில் முழுக் கோழியின் உச்ச வரம்பு விலை கிலோவுக்கு 8.90 ரிங்கிட். நம் பண்ணைகளின் தீவனம் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படும் சோளத்தையும் சோயாவையும் நம்பியது. அந்த ஆண்டு உக்ரேன் போருக்குப் பின் அவற்றின் உலக விலை மேலும் உயர்ந்தது. விலை பூட்டியிருக்க, அளிப்பு இடப்பக்கம் நகர்ந்தது. கடைகளில் கோழி கிடைப்பது சிரமமானது. பிறகு அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளையும் அம்புகளால் படிக்கலாம். பண்ணையாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது அளிப்பைக் கூட்டும் முயற்சி. ஏற்றுமதித் தடை, வெளியே போகும் கோழியை உள்நாட்டுச் சந்தைக்குத் திருப்பியது. இங்கே அளிப்பு ↑, பற்றாக்குறை ↓. அதே தடை சிங்கப்பூரில் அளிப்பு ↓ என்று ஆனதை மேலே பார்த்தோம். ஜூலை 1ஆம் தேதி உச்ச வரம்பு 9.40 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. எந்தக் கோடும் நகராமலே, விற்க முன்வருவது ↑, வாங்க விரும்புவது ↓, இரு பக்கமிருந்தும் பற்றாக்குறை சுருங்கும். 2023 நவம்பர் 1ஆம் தேதி கோழி விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அன்றிலிருந்து தீவனக் கேள்விக்கு மறுபடியும் முதல் கேள்வியின் விடைதான்.

திசை போதாத இடம்

சில கேள்விகளில் எல்லா விடைகளும் ஒரே திசையில் இருக்கும். எடுத்துக்காட்டாக, தேவைக் கோடு கீழ்நோக்கியும் அளிப்புக் கோடு மேல்நோக்கியும் சாய்ந்திருக்கும் சந்தையில், விற்பவர்மீது கிலோவுக்கு 1 ரிங்கிட் வரி விதிக்கப்படுகிறது. வாங்குபவர் கொடுக்கும் விலை என்னவாகலாம்? அ. மாறாது, ஆ. 50 சென் உயரும், இ. 1 ரிங்கிட் உயரும், ஈ. 1.50 ரிங்கிட் உயரும்.

அம்பு இங்கே அ-வை மட்டும்தான் நீக்கும். மற்ற மூன்றும் மேலேதான் போகின்றன. இப்போது திசையோடு ஓர் எல்லையும் தேவை. விலை முழு 1 ரிங்கிட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி போக விற்பவர் கையில் நிற்பது பழைய தொகையே. எனவே பழைய அளவையே விற்க முன்வருவார். ஆனால் வாங்குபவர் அதிக விலையில் குறைவாகத்தான் வாங்குவார். கோழி மிஞ்சும், விலை கொஞ்சம் இறங்கும். ஆகவே 1 ரிங்கிட் வரைகூடப் போக முடியாது; இ விழுகிறது. அதற்கும் மேலான ஈ நிச்சயம் விழுகிறது. விடை ஆ. தேவைக் கோடு செங்குத்தாக இருந்தால் மட்டும், வாங்குபவர் எந்த விலையிலும் அதே அளவை வாங்குவார் என்பதால், வரி முழுவதும் அவர் தலையில் விழும். அப்போது விடை இ ஆகிவிடும். கேள்வியில் கோட்டின் சாய்வைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள்.

வருவாய் பற்றிய கேள்வியும் இப்படித்தான். விலை ↑, அளவு ↓ என்றால் இரண்டின் பெருக்கலுக்கு அம்பு போட முடியாது. விலை 10 விழுக்காடு ஏறி அளவு 4 விழுக்காடு மட்டும் குறைந்தால், 1.10 × 0.96 = 1.056, வருவாய் கூடுகிறது. அளவு 20 விழுக்காடு குறைந்தால், 1.10 × 0.80 = 0.88, வருவாய் குறைகிறது. நெகிழ்ச்சி தெரியாமல் அங்கே நகர வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு விடைகள் எஞ்சி நின்றால், கேம்பிரிட்ஜ் தாளில் தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் ஒன்றைக் கருமையாக்கிவிட்டு, கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி வைத்துவிட்டு மேலே போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

என் பழைய தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வட்டம் போட்ட அந்த அம்புக்குப் பக்கத்தில், தேர்வுக்கு முந்திய இரவு நான் சிறிதாக ஒரு பூட்டு வரைந்து வைத்தேன். உண்மைத் தேர்வில் விலை அம்பு போடும் முன் ஒவ்வொரு முறையும் அந்தப் பூட்டு நினைவுக்கு வந்தது. உங்கள் கேள்வித்தாளின் ஓரத்திலும் அது ஒன்று இருக்கட்டும்.